செகண்ட் ஹேண்ட் போன்: பணத்தை எடுப்பதற்கு முன் ஒரு மணி நேரம்

அக்கா மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பழைய போன் கைவிட்டுவிட்டது. கையில் இருந்தது 12,000 ரூபாய். அந்தப் பணத்துக்குப் புதிதாகக் கிடைப்பதைவிட, மூன்று வருடம் ஓடிய நல்ல போன் ஒன்று செகண்ட் ஹேண்டில் மேலாக இருக்கும் என்று அவளே தேடி இரண்டு விளம்பரங்களைப் பிடித்து வைத்திருந்தாள். "மாமா, நீங்க கூட வாங்க" என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டையும் பார்த்தோம். ஒன்றை ஐந்தே நிமிடத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டோம். இன்னொன்றை ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, விலையைக் குறைத்து வாங்கினோம். அன்று செய்ததை அதே வரிசையில் எழுதுகிறேன்.

வரிசை முக்கியம். முதலில் ஐஎம்இஐ எண். அதற்கு ஒரு எஸ்எம்எஸ் போதும். அதில் தவறினால் மற்ற எதையும் பார்க்க வேண்டியதில்லை. அடுத்தது, விற்பவர் கண்முன்னே போனை ரீசெட் செய்து, பூட்டு இருக்கிறதா என்று பார்ப்பது. அதன்பின் பேட்டரி. அந்தச் சோதனையில் போன் நன்றாகச் சூடாகிவிடும். கடைசியாக, சூடு ஆறுவதற்குள் திரை. திரையின் சில கோளாறுகள் போன் குளிர்ந்திருக்கும்போது ஒளிந்துகொள்ளும் என்பதால்தான் அதைக் கடைசியில் வைக்கிறேன்.

கிளம்புவதற்கு முன், போனிலேயே

விற்பவரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். பில் இருக்கிறதா, பெட்டி இருக்கிறதா, தவணையில் வாங்கியதா, அதில் போட்டிருக்கும் கூகுள் அக்கவுண்டின் பாஸ்வேர்டு ஞாபகம் இருக்கிறதா? நான்காவது கேள்விக்குத் தடுமாறினால் போகவே வேண்டாம். பாஸ்வேர்டு தெரியாதவரால் தன் அக்கவுண்டைப் போனிலிருந்து ஒழுங்காக எடுக்க முடியாது. ஒருவேளை அது அவருடைய போனாகவே இல்லாமலும் இருக்கலாம். "ரீசெட் பண்ணி சுத்தமா கொடுத்துடறேன்" என்று சொன்னால், "வேண்டாம் அண்ணே, நான் வந்தப்புறம் சேர்ந்தே பண்ணிக்கலாம்" என்று சொல்லிவிடுங்கள். காரணம் பின்னால் வரும். சார்ஜ் 50 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்றும் சொல்லி வையுங்கள்.

கையில் எடுத்துப்போக வேண்டியவை கொஞ்சம்தான். டேட்டா உள்ள உங்கள் போன், வேலை செய்யும் ஒரு சிம், சிம் தட்டை எடுக்கும் ஊசி, உங்கள் சார்ஜர், கேபிள். கூடவே உங்கள் போனில் வெள்ளை, கறுப்பு, அடர் சாம்பல், சிவப்பு, பச்சை, நீலம் என்று வெறும் நிறம் மட்டும் உள்ள ஆறு படங்களைச் சேமித்துக்கொள்ளுங்கள். திரைச் சோதனைக்கு அவை வேண்டும். பகலில், உட்கார இடமுள்ள ஒரு டீக்கடையில் சந்திப்பது நல்லது. ரயில் நிலைய வாசலில் நின்றபடி ஐந்து நிமிடத்தில் முடிக்கச் சொல்பவரிடம் இந்தச் சோதனைகள் எதுவும் நடக்காது.

ஐஎம்இஐ: மூன்று இடமும் ஒத்துப்போக வேண்டும்

ஐஎம்இஐ என்பது ஒவ்வொரு போனுக்கும் உரிய 15 இலக்க எண். இரண்டு சிம் போடும் போனில் இரண்டு எண் இருக்கும். போன் கால் பண்ணும் இடத்தில் இதை அடியுங்கள்:

```
*#06#
```

எண்கள் திரையில் வரும். அதை மட்டும் நம்பாதீர்கள். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலும் பில்லிலும் உள்ள எண்ணோடு ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிடுங்கள். சில போன்களில் சிம் தட்டிலோ பின்பக்கத்திலோகூட அச்சிட்டிருப்பார்கள். பெட்டியில் ஒரு எண், திரையில் வேறு எண் என்றால் இரண்டில் ஒன்று: பெட்டி வேறு போனுடையது, அல்லது உள்ளே போர்டு மாற்றப்பட்டிருக்கிறது. சர்வீஸ் சென்டரில் முறையாகப் போர்டு மாற்றியிருந்தால் அதற்கான ரசீது இருக்கும். ரசீது இல்லாத விளக்கத்தை ஏற்க வேண்டாம்.

அடுத்து உங்கள் போனிலிருந்து 14422 என்ற எண்ணுக்கு ஒரு எஸ்எம்எஸ். KYM என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, 15 இலக்கங்கள்:

```
KYM 123456789012345
```

இது மத்திய தொலைத்தொடர்புத் துறையின் வசதி. 2023 மே மாதம் தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்திலும் (sancharsaathi.gov.in), அதே பெயருள்ள செயலியிலும் இதையே பார்க்கலாம். தளத்தில் உங்கள் நம்பருக்கு ஓடிபி வரும். இரண்டு ஐஎம்இஐ இருந்தால் இரண்டையும் தனித்தனியாக அனுப்புங்கள்.

பதிலில் இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, நிலை. எண் செல்லும் என்று வந்தால் சரி. Black-listed, duplicate, already in use என்ற மூன்றில் எது வந்தாலும் வாங்க வேண்டாம் என்று அந்தத் துறையே சொல்கிறது. முதலாவது, தொலைந்ததாகவோ திருடுபோனதாகவோ புகார் கொடுத்து முடக்கப்பட்டது. மற்ற இரண்டும், அந்த எண் இன்னொரு போனிலும் ஓடுகிறது என்பதற்கான அடையாளம். இரண்டாவது விஷயத்தைத்தான் பலர் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். பதிலில் கம்பெனியும் மாடலும் வரும். ஐஎம்இஐயின் முதல் எட்டு இலக்கங்கள் எந்த மாடல் என்பதைக் குறிப்பவை. ஆகவே பதிலில் வரும் மாடல், கையில் உள்ள மாடலாகவே இருக்க வேண்டும்.

எங்கள் முதல் போன் இங்கேதான் விழுந்தது. நிலை சரியென்றே வந்தது. மாடல் பெயர் மட்டும் இடித்தது. எங்கள் கையில் இருந்தது இரண்டு சிம் போடும் பெரிய தொடுதிரை போன். பதிலில் வந்ததோ, பட்டன் வைத்த சாதாரண போன் ஒன்றின் பெயர். திருட்டுப் போன் முடக்கப்பட்ட பிறகு, அதற்குள் வேறொரு சாதாரண போனின் எண்ணை ஏற்றிவிடுவது பழைய வேலை. "சர்வர்ல தப்பா காட்டுது தம்பி" என்றார் விற்றவர். விவாதம் செய்யவில்லை, நன்றி சொல்லிக் கிளம்பிவிட்டோம். ஐஎம்இஐயை மாற்றுவது 2023ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி மூன்று ஆண்டு வரை சிறை, ஐம்பது லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிற அளவுக்கான குற்றம். திருட்டுப் பொருள் என்று நம்பக் காரணம் இருந்தும் வாங்குவது தனிக் குற்றம். மலிவு விலைக்காக அந்த வம்பில் தலையைக் கொடுக்கக் கூடாது.

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. நேற்று திருடுபோன போன் இன்று சுத்தமாகத்தான் தெரியும். பறிகொடுத்தவர் போலீஸில் புகார் கொடுத்து, அந்த நகலோடு தளத்தில் பதிந்த பிறகுதான் முடக்கம் நடக்கும். அப்போது உங்கள் கையில் இருக்கும் போனில் வைஃபை வேலை செய்யும், கேமரா வேலை செய்யும், ஆனால் எந்தக் கம்பெனி சிம்மைப் போட்டாலும் நெட்வொர்க் வராது. வெளிநாட்டிலிருந்து வந்த போன் அங்கே முடக்கப்பட்டிருந்தாலோ, அங்குள்ள ஒரே கம்பெனி சிம்முக்கு மட்டும் பூட்டப்பட்டிருந்தாலோ இந்தப் பதிலில் தெரியாது. அதற்காகத்தான் பில் கேட்பதும், உங்கள் சிம்மைப் போட்டு ஒரு கால் பேசிப் பார்ப்பதும். இரண்டு சிம் இடமும் வேலை செய்ய வேண்டும்.

பூட்டு: உங்கள் கண்முன்னே ரீசெட்

ஆண்ட்ராய்டு போனில் 2015 முதல் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. போனில் கூகுள் அக்கவுண்ட் இருக்கும்போது யாராவது பட்டன்களை அழுத்திப் பிடித்து, ரெகவரி வழியாகப் போனை அழித்தால், அந்த அக்கவுண்டின் அடையாளம் மட்டும் அழியாது. அது தனியிடத்தில் பதிந்திருக்கும். மறுபடி தொடங்கும்போது பழைய அக்கவுண்டையோ பழைய பின்னையோ கேட்டு நிற்கும். திருடனுக்கு வைத்த பொறி இது. உரியவரே தெரியாமல் அப்படி அழித்துக் கொடுத்தாலும் நீங்கள்தான் மாட்டிக்கொள்வீர்கள். "சுத்தமா ரீசெட் பண்ணி கொடுக்கிறேன்" என்பதை ஏற்க வேண்டாம் என்று சொன்னது இதனால்தான்.

விற்பவரையே செய்யச் சொல்லுங்கள். முதலில் Settings உள்ளே Accounts பகுதிக்குப் போய் கூகுள் அக்கவுண்டை நீக்க வேண்டும். சாம்சங் போனில் சாம்சங் அக்கவுண்ட், ஷாவ்மி போனில் அவர்களுடைய அக்கவுண்ட் தனியாக இருக்கும். அவற்றிலிருந்தும் பாஸ்வேர்டு போட்டு வெளியேற வேண்டும். கூகுளை மட்டும் எடுத்துவிட்டு இதை மறப்பவர்கள் நிறைய. பிறகு திரைப் பூட்டை எடுத்துவிட்டு, Settings வழியாகவே Factory data reset. சாம்சங்கில் அது General management, Reset என்ற இடத்தில் இருக்கும். மற்றவற்றில் பெரும்பாலும் System, Reset options உள்ளே இருக்கும். இல்லையென்றால் Settings மேலே உள்ள தேடும் இடத்தில் reset என்று அடித்தால் வந்துவிடும்.

அழிந்து மறுபடி எழ ஐந்து பத்து நிமிடம் ஆகும். டீ சொல்லிவிட்டு, அந்த நேரத்தில் போனின் உடலைப் பாருங்கள். சமமான மேசை மேல் திரை கீழே இருக்கும்படி வைத்து, ஒரு மூலையில் விரலால் சுண்டுங்கள். கேமரா மேடு இல்லாத அந்தப் பக்கம் போன் பம்பரம் போலச் சுற்றினால், நடுவில் உப்பியிருக்கிறது என்று பொருள். பேட்டரி வீங்கித் திரையைத் தள்ளுகிறது. விளிம்பில் நகம் நுழையும் அளவு இடைவெளி, பசை கசிந்த கோடு, கீறிய திருகு ஆகியவை போனைத் திறந்திருக்கிறார்கள் என்று சொல்லும். திறந்தது தப்பில்லை. எதற்காகத் திறந்தார்கள் என்று கேட்க வேண்டும். வீங்கிய பேட்டரி என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அது தீப்பிடிக்கும் வாய்ப்புள்ள பொருள்.

போன் எழுந்ததும் உங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டில் இணையுங்கள். நெட் இல்லாமல் தொடங்கினால் சில பூட்டுகள் வெளியே வராது. பலர் "அப்புறம் வைஃபை போட்டுக்கலாம்" என்று தாண்டச் சொல்வார்கள், தாண்டாதீர்கள். இணைந்த பின் மூன்றில் ஒன்று நடக்கும்.

புது அக்கவுண்ட் போடச் சொல்லி, கூடவே Skip என்றும் காட்டினால் பூட்டு இல்லை. அங்கே Skip கொடுத்தே போய்விடுங்கள். வாங்குவதற்கு முன் உங்கள் அக்கவுண்டைப் போட வேண்டாம். பிறகு வாங்காமல் போனால் நீங்கள் அதை நீக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

முன்பு இதில் இருந்த அக்கவுண்டைப் போடு, அல்லது பழைய பின் போடு என்று கேட்டால் பூட்டு இருக்கிறது. விற்பவர் அங்கேயே போட்டுத் திறந்து, அக்கவுண்டை நீக்கி, மறுபடி ரீசெட் செய்ய வேண்டும். "வீட்டுக்குப் போய் ஓடிபி அனுப்பறேன்" என்றால் நீங்களும் வீட்டுக்குப் போங்கள்.

மூன்றாவது, This device belongs to your organization என்றோ, ஒரு நிதி நிறுவனத்தின் பெயரோடு போன் நிர்வகிக்கப்படுகிறது என்றோ வருவது. கம்பெனி ஊழியருக்குக் கொடுத்த போனாக இருக்கலாம். நம் ஊரில் இன்று அதிகம் வருவது தவணைப் பூட்டு. தவணை கட்டாவிட்டால் தூரத்திலிருந்தே போனைப் பூட்டும் ஏற்பாடு அது. ரீசெட் செய்தாலும் போகாது, ஐஎம்இஐ எஸ்எம்எஸ்ஸிலும் தெரியாது. இதில் ஏமாறுவது மிக எளிது. விற்கும் அன்று போன் நன்றாக ஓடும். அடுத்த மாதத் தவணை தேதி தாண்டியதும் உங்கள் கையில் பூட்டிக்கொள்ளும். ஆகவே தவணையில் வாங்கிய போன் என்றால், பாக்கி இல்லை என்று நிதி நிறுவனம் கொடுத்த சான்றைப் பார்க்காமல் பணம் தர வேண்டாம். ரீசெட்டுக்குப் பின்னும் ஒருமுறை Settings உள்ளே device admin என்று தேடிப் பாருங்கள். நீங்கள் போடாத ஒரு செயலி அங்கே அதிகாரத்தோடு உட்கார்ந்திருந்தால் அது என்ன என்று கேளுங்கள்.

ஐபோனில் வழி வேறு, தத்துவம் ஒன்றுதான். Settings உச்சியில் விற்பவர் பெயர் இருக்கும். அதைத் தொட்டு, கீழே Sign Out கொடுத்து, அவருடைய பாஸ்வேர்டைப் போட வேண்டும். அப்போது Find My அணையும். பிறகு Erase All Content and Settings. மறுபடி தொடங்கி நெட்டில் இணைந்ததும் iPhone Locked to Owner என்று வந்தால் அது இன்னும் அவருடையதுதான். அவர் வெளியேறாமல் கொடுத்த ஐபோனை எங்கிருந்து வேண்டுமானாலும் அவரால் பூட்ட முடியும். Settings மேலே supervised என்ற சொல்லோடு ஒரு நிறுவனத்தின் பெயர் இருந்தால் அதுவும் வேண்டாம்.

பேட்டரி: பத்து நிமிட வீடியோ

ஐபோனில் வேலை சுலபம். Settings, Battery, Battery Health என்று போனால் Maximum Capacity சதவீதமாக வரும். ஐபோன் 15 முதல் எத்தனை சுற்று சார்ஜ் ஏறியது என்பதும் தெரியும். ஐபோன் 14 வரை 500 சுற்றிலும், 15 முதல் 1000 சுற்றிலும் 80 சதவீதம் தாங்கும்படி வடிவமைத்ததாக ஆப்பிள் சொல்கிறது. 80க்குக் கீழே இருந்தால் பேட்டரி மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். நான்கு வருடப் போன் 100 காட்டினால் மகிழ வேண்டாம். General, About உள்ளே Parts and Service History என்று ஒரு பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே பேட்டரிக்கு எதிரே Unknown Part என்று இருந்தால், அது ஒரிஜினல் என்று போனால் உறுதிசெய்ய முடியாத பேட்டரி. அந்த 100ஐயும் நம்ப முடியாது.

ஆண்ட்ராய்டில் எல்லாப் போனிலும் இப்படி ஒரு எண் கிடையாது. சாம்சங்கில் Samsung Members செயலியின் phone diagnostics பகுதி பேட்டரி நிலையைச் சொல்லும். சில புதிய போன்களில் Settings உள்ளேயே சுற்றுக் கணக்கு வருகிறது. இல்லாத போனுக்கு நான் செய்வது ஒரு சின்னச் சோதனை. திரை வெளிச்சத்தை முழுதாக ஏற்றி, கேமராவில் இருக்கும் மிகப் பெரிய அளவில், பெரும்பாலும் 4கேயில், பத்து நிமிடம் வீடியோ பதியுங்கள். தொடங்கும்போது சதவீதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆரோக்கியமான 5000 எம்ஏஎச் பேட்டரியில் இதற்கு மூன்று முதல் ஐந்து சதவீதம் போகும். என் கைக்கணக்கில் எட்டுக்கு மேல் போனால் பேட்டரி தேய்ந்துவிட்டது.

எவ்வளவு குறைகிறது என்பதைவிட எப்படிக் குறைகிறது என்பது அதிகம் சொல்லும். நல்ல பேட்டரி ஒவ்வொன்றாக இறங்கும். தேய்ந்த பேட்டரிக்கு உள்மின்தடை கூடிவிடுவதால், கேமரா போல அதிகம் இழுக்கும் வேலை வந்ததும் வோல்டேஜ் சரியும். போனின் கணக்கு குழம்பி, ஒரே தாவலாக நான்கைந்து சதவீதம் விழும். முற்றியிருந்தால் 20, 25 சதவீதம் இருக்கும்போதே பட்டென்று அணைந்துவிடும். அதனால்தான் முழு சார்ஜில் இருக்கும் போனில் இதைச் செய்வதில் பயன் குறைவு. விற்பவர் 100 சதவீதம் ஏற்றிக் கொண்டுவந்து காட்டுவது அக்கறையாகவும் இருக்கலாம், மறைப்பாகவும் இருக்கலாம்.

அன்று பார்த்த இரண்டாவது போனில் 46 இருந்தது. நான்கு நிமிடத்தில் 43. ஆறாவது நிமிடத்தில் 42லிருந்து நேராக 38. பத்தாவது நிமிடம் 36. அக்கா மகள் விற்பவரைப் பார்த்தாள். அவர் நேர்மையானவர். "ஆமாம்மா, சாயங்காலம் ஒரு தடவை சார்ஜ் போடணும்" என்றார். பக்கத்துக் கடையில் நல்ல பேட்டரி போட எவ்வளவு என்று கேட்டோம், 1,800 என்றார்கள். அந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டோம்.

வீடியோ முடிந்ததும் உங்கள் சார்ஜரில் சொருகி, கேபிளை லேசாக அசையுங்கள். சார்ஜ் குறி வந்து வந்து போனால் சொருகும் வாய் தளர்ந்திருக்கிறது. பதிந்த வீடியோவை ஓட்டிப் பார்த்தால் கேமரா, மைக், ஸ்பீக்கர் மூன்றும் அதிலேயே தெரிந்துவிடும்.

திரை: சூட்டோடு, இருட்டில்

இந்தப் பகுதியை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் எனக்கென்று ஒரு போன் வாங்கினேன். வெயிலில் நின்று, முழு வெளிச்சத்தில் திரையைப் பார்த்தேன், கண்ணாடி போல இருந்தது. மூன்றாம் வாரம், பேருந்தில் படம் பார்த்துக்கொண்டிருந்தபோது மேலிருந்து கீழ்வரை மயிரிழை அளவில் ஒரு பச்சைக் கோடு. மறுநாள் இரண்டு. திரை மாற்றும் செலவு போன் விலையில் பாதிக்கு மேல். வாங்கிய அன்று குறைந்த வெளிச்சத்தில் பார்த்திருந்தால் ஏதாவது முன்னறிகுறி தெரிந்திருக்குமா என்று இன்றும் நினைப்பதுண்டு.

அமோலெட் திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். அந்தப் புள்ளிகளை இயக்கும் மின்சுற்றோடு ஒரு வரிசையின் இணைப்பு கெட்டால், அந்த வரிசை அணையாமல் ஒரே நிறத்தில் நின்றுவிடும். அதுதான் கோடு. சூட்டிலும், போன் விழுந்த அதிர்ச்சியிலும் இணைப்பு தளர்வதால், தொடக்கத்தில் கோடு சூடானால் வரும், ஆறினால் போகும். பத்து நிமிட வீடியோ முடிந்த கையோடு திரையைப் பார்க்கச் சொல்வது அதற்குத்தான்.

நீங்கள் கொண்டுவந்த ஆறு படங்களை Quick Share வழியாக அந்தப் போனுக்கு அனுப்பி, திரை முழுக்கத் திறங்கள். சாம்சங் என்றால் கால் பண்ணும் இடத்தில் `*#0*#` அடித்தாலே நிறங்கள், தொடுதல், ஸ்பீக்கர் எல்லாம் உள்ள சோதனைப் பக்கம் பெரும்பாலான மாடல்களில் திறக்கும்.

முதலில் அடர் சாம்பல். வெளிச்சத்தை மிகக் குறைத்து, துப்பட்டாவோ துண்டோ தலைமேல் போட்டு இருட்டாக்கிக்கொண்டு பாருங்கள். டீக்கடையில் அப்படிச் செய்யக் கூச்சமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. நல்ல திரை எங்கும் ஒரே சாம்பலாக இருக்கும். ஒரு பக்கம் பச்சையோ இளஞ்சிவப்போ படர்ந்திருந்தால் திரை தளர்கிறது. கோட்டின் சாயலும் இங்கேதான் முதலில் தெரியும். விசைப்பலகையின் கட்டங்கள், மேலே பேட்டரிக் குறி, ஏதோ ஒரு செயலியின் சின்னம் நிழலாகத் தெரிந்தால், ஒரே படம் நாள் முழுக்க நின்று திரை தேய்ந்திருக்கிறது. கடையில் காட்சிக்கு வைத்த போன்களிலும், வண்டியில் மேப் போட்டே ஓடிய போன்களிலும் இது அதிகம். அந்த நிழல் மறையாது, மெல்லக் கூடும்.

அடுத்து கறுப்பு, அதே இருட்டில், இப்போது வெளிச்சத்தை முழுதாக ஏற்றி. அமோலெட்டில் கறுப்பு என்றால் புள்ளிகள் அணைந்திருக்கும், திரை இருப்பதே தெரியாது. மங்கலான சாம்பல் ஒளி கசிந்தால் அது எல்சிடி. அமோலெட்டோடு வெளிவந்த மாடலில் எல்சிடி இருக்கிறது என்றால், உடைந்த திரைக்குப் பதில் மலிவான நகல் போட்டிருக்கிறார்கள். கீழ் விளிம்பின் கறுப்புப் பட்டை படத்தில் பார்த்ததைவிடத் தடிமனாக இருப்பதும், திரைக்குள் வைக்கும் கைரேகை வேலை செய்யாததும் அதே கதையின் மற்ற அடையாளங்கள். ஐபோனில் முன்பு சொன்ன Parts and Service History, ஐபோன் 11 முதல் திரையையும் காட்டும்.

வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் நான்கையும் வேகமாகப் புரட்டி, அணைந்த புள்ளி, மஞ்சள் கறை இருக்கிறதா என்று பாருங்கள். அப்போதே போனை இரு கைகளிலும் பிடித்து, நான்கு ஓரங்களையும் கட்டை விரலால் மெதுவாக அழுத்துங்கள். நிறம் நடுங்கினாலோ கோடு மின்னினாலோ உள்ளே இணைப்பு சரியில்லை.

தொடுதலைப் பார்க்க எந்தச் செயலியும் தேவையில்லை. முகப்பில் ஏதாவது ஒரு சின்னத்தை அழுத்திப் பிடித்து, விரலை எடுக்காமல் திரை முழுக்க, மூலை முடுக்கெல்லாம் நெருக்கமாக இழுத்துக்கொண்டு போங்கள். ஓரிடத்தில் சின்னம் கைநழுவி விழுந்தால் அங்கே தொடுதல் செத்திருக்கிறது. அதே இடத்தில் இன்னும் இரண்டு முறை செய்து உறுதி செய்யுங்கள். விசைப்பலகை வரும் கீழ்ப்பகுதியைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள்.

இத்தனையும் செய்தாலும் நாளைக்குக் கோடு வராது என்று யாராலும் உறுதி தர முடியாது. இன்று இருக்கும் கோளாறைத்தான் இவை காட்டும். அதனால் பழைய அமோலெட் போனுக்கு, திரை மாற்றும் செலவோடு சேர்த்தால் புதுப் போன் விலை வருகிற அளவுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

விலையும் காகிதமும்

இரண்டாவது போனின் திரை தேறியது. சாம்பலில் மேல் மூலையில் மட்டும் பேட்டரிக் குறியின் மெல்லிய நிழல். அவர் கேட்டது 11,500. பேட்டரிக்கு 1,800, அந்த நிழலுக்கு 500 என்று அவர் முன்னாலேயே காகிதத்தில் எழுதிக் கழித்து 9,200 என்றோம். அவர் 9,500 என்றார். ஒப்புக்கொண்டோம்.

பணத்தை யூபிஐ வழியாகத்தான் கொடுத்தோம். யாருக்குப் போனது என்ற பதிவு இருக்க வேண்டும். ஒரு வெள்ளைத் தாளில் தேதி, மாடல், இரண்டு ஐஎம்இஐ, விலை, "இந்தப் போன் என்னுடையது, தவணை பாக்கி எதுவும் இல்லை, முழு சம்மதத்தோடு விற்கிறேன்" என்ற வரி, அவர் பெயர், செல் நம்பர், கையெழுத்து. கூடவே அசல் பில், பெட்டி. அடையாள அட்டையை அவர் காட்டியதும் பில்லில் உள்ள பெயரோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். நாளைக்கு எண் முடக்கப்பட்டாலோ, காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தாலோ, நீங்கள் நல்லெண்ணத்தோடு வாங்கினீர்கள் என்று காட்ட இந்தத் தாள்தான் இருக்கும். அதைப் படம் எடுத்து மெயிலில் போட்டு வையுங்கள். அந்தப் போனிலேயே வைத்திருந்து பயனில்லை.

அக்கா மகள் அன்று மாலையே தன் அக்கவுண்டைப் போட்டுவிட்டாள். மறுவாரம் பேட்டரி மாற்றினோம். இரண்டு வாரம் கழித்து இரண்டு ஐஎம்இஐயையும் மறுபடி 14422க்கு அனுப்பச் சொன்னேன், தாமதமாக ஏதாவது புகார் பதிவாகியிருந்தால் அப்போது தெரியும் என்பதால். இரண்டுக்கும் சரியென்றே பதில் வந்தது.